எட்டரை அலைகள்

திங்கட்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு முதல் லைன் டிரிப் ஆனது. புதுச்சேரி ஊருக்கு நூற்றுப்பத்து கிலோ வோல்ட்டில் மின்சாரம் கொண்டுவரும் இரண்டு லைன்களில் அது ஒன்று. அதிகாலையின் குறைந்த சுமையை இரண்டாவது லைன் தாங்கிக்கொண்டதால் ஊருக்குள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விளக்கு ஒருமுறை மங்கி நிமிர்ந்ததோடு சரி. ஆறு நாற்பதுக்கு ஷிஃப்ட் ஆபரேட்டர் காத்தவராயன் லைனை மறுபடி சேர்த்துவிட்டு லாக் புக்கில் எழுதினார்: கடல் பனி, இன்சுலேட்டரில் உப்பு, தற்காலிக ஃபால்ட், லைன் நல்ல நிலையில்.

மாசி மாதத்தில் அது வழக்கம்தான். மழை இல்லாத நாட்களில் கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கம்பிகளைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர்களில் படிந்துகொண்டே இருக்கும். விடியற்காலைப் பனி அதை நனைத்ததும் மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். ஒரு வெடிச் சத்தம், ஒரு டிரிப். வெயில் ஏறினால் சரியாகிவிடும்.

பத்து மணிக்கு ரிலே சோதனைப் பிரிவின் ஜூனியர் என்ஜினியர் அமிர்தவல்லி வந்தாள். முத்தியால்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து, மெயின் ரோட்டில் இறங்கி, சப் ஸ்டேஷன் வரை வெயிலில் நடந்து வந்திருந்தாள். வயது இருபத்தொன்பது. அப்பா மில் தொழிலாளி. டிப்ளமோ முடித்து இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம். ஒவ்வொரு டிரிப்புக்குப் பிறகும் ரெக்கார்டர் எழுதிய தாளை எடுத்துப் படித்து, என்ன நடந்தது என்று அறிக்கை எழுதுவது அவள் பொறுப்பு.

ரெக்கார்டர் கன்ட்ரோல் ரூமின் மூலையில் ஆளுயரத்துக்கு நின்றது. அதற்குள் எப்போதும் சுழன்றுகொண்டிருக்கும் உருளை ஒன்று கடைசிக் கால் விநாடியை நினைவில் வைத்திருக்கும். லைனில் ஏதாவது கோளாறு என்றால் அந்தக் கால் விநாடியிலிருந்து தொடங்கி, அடுத்து நடப்பது வரை, ஒளிக்கதிரால் தாளில் வரைந்துவிடும். அப்படித்தான் ஃபால்ட்டுக்கு முந்திய நிலையும் தாளில் கிடைத்தது.

அவள் தாளை வெட்டி எடுத்து, வெளிச்சம் பட்டு ரொம்பக் கருத்துப்போவதற்குள் ஜன்னல் இல்லாத பக்கத்து மேஜையில் விரித்தாள்.

"இன்னாம்மா சொல்லுது?" என்று காத்தவராயன் வந்து நின்றார். ஐம்பத்திரண்டு வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர்.

"இருங்கண்ணே, பார்க்கறேன்."

மேலிருந்து கீழாகக் கோடுகள். முதல் மூன்றும் ஆர், ஒய், பி என்ற மூன்று ஃபேஸ்களின் கரன்ட். நான்காவது, பூமி வழியாகத் திரும்பி வரும் நியூட்ரல் கரன்ட். அதற்குக் கீழே மூன்று வோல்டேஜ். கடைசியில் இரண்டு நேர்கோடுகள்: ஒன்று, கோளாறைக் கண்டுபிடிக்கும் ரிலே உத்தரவு கொடுத்தால் ஒரு படி ஏறும், மற்றது, லைனை அறுத்துவிடும் பிரேக்கர் திறந்தால் ஒரு படி இறங்கும். விநாடிக்கு ஐம்பது அலை. ஓர் அலைக்கு இருபது மில்லி விநாடி. அலைகளை எண்ணத் தெரிந்தால் கடிகாரம் வேண்டாம்.

இடது ஓரத்தில் எல்லா அலைகளும் ஒழுங்காக, சின்னதாக ஓடிக்கொண்டிருந்தன. திடீரென்று மூன்றாவது கோடு, பி ஃபேஸ் கரன்ட், ஐந்தாறு மடங்காக எழும்பியது. அதே கணத்தில் நியூட்ரல் கோடும் அதே வடிவத்தில், அது ஏறும்போது ஏறி, இறங்கும்போது இறங்கி எழும்பியது. பி வோல்டேஜ் சுருங்கிவிட்டது. ஆர், ஒய் இரண்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தன.

"பி ஃபேஸ், எர்த் ஃபால்ட். பி-லேர்ந்து பூமிக்குப் பாய்ஞ்சிருக்குது, வேற ஃபேஸ் எதுவும் சேரல," என்றாள்.

பென்சில் முனையால் அலைகளைத் தொட்டு எண்ணினாள். ஒன்றரையாவது அலையில் ரிலே கோடு ஏறியிருந்தது: முப்பது மில்லி விநாடி, நல்ல வேகம். மூன்றரையாவது அலையில் பிரேக்கர் கோடு இறங்கியிருந்தது: எழுபது மில்லி விநாடி, அதுவும் சரி. ஆர், ஒய் கரன்ட்கள் அடுத்த அரை அலைக்குள் அடங்கி நேர்கோடாகிவிட்டன.

பி அடங்கவில்லை.

அவள் மறுபடி எண்ணினாள். பிரேக்கர் திறந்துவிட்டது என்று கீழ்க் கோடு சொன்ன பிறகும் பி கரன்ட் நாலு, ஐந்து, ஆறு என்று போய்க்கொண்டே இருந்தது. எட்டரையாவது அலை முடிந்து கோடு சுழியைத் தொட்ட இடத்தில்தான் நின்றது. நூற்று எழுபது மில்லி விநாடி.

"எண்பது தொண்ணூறுல நிக்கணும்," என்றாள். குரல் தாழ்ந்துவிட்டது. "கான்டாக்ட் பிரிஞ்சிடுச்சு அண்ணே. ஆனா உள்ள தீ அணையல. அஞ்சு அலை நேரம் எண்ணெய்க்குள்ளயே எரிஞ்சிருக்குது."

அந்த பிரேக்கர் எண்ணெய் பிரேக்கர். ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பீங்கான் தூண்கள் வெளியே திறந்தவெளி யார்டில் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய். கான்டாக்ட்கள் பிரியும்போது எழும் தீப்பொறியை அந்த எண்ணெய்தான் அணைக்க வேண்டும்.

காத்தவராயன் ஜன்னல் பக்கம் திரும்பினார். "பி தூணுல மட்டம் பார்க்கற கண்ணாடிக்குள்ள எண்ணெய் டிகாஷன் மாதிரி கீது. போன வாரமே பார்த்தேன். ரீடிங் புக்குல 'மட்டம் சரி'ன்னுதான் எழுதற கட்டம் இருக்குது. நெறத்துக்கு கட்டம் இல்ல."

மதியம் அவள் எக்ஸிகியூட்டிவ் என்ஜினியர் கண்ணையனின் அறையில் நின்றாள். தாளைப் பார்க்க அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. கோப்புகளை வேகமாக நகர்த்துபவர் என்று பெயர்.

"க்ளியர் ஆயிடுச்சில்ல?"

"ஆயிடுச்சு சார். ஆனா ரெண்டு மடங்கு நேரம். அடுத்த ஃபால்ட்டுல அணையாமலே போகலாம். பிரேக்கரை வெளிய எடுத்து எண்ணெய் மாத்தி, உள்ள பார்க்கணும்."

"எப்போ?"

"இன்னைக்கே சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு லைனை எடுத்தா இன்னொண்ணு முழுசும் தாங்காது. நம்ம மேட்டுப்பாளையம் ஃபேக்டரிங்களை நிறுத்தணும். வெள்ளிக்கிழமை மாசிமகம். வைத்திக்குப்பம் கடற்கரையில எத்தனை சாமி இறங்குது, எத்தனை ஜனம் வருது, உங்களுக்குத் தெரியாததா? இப்ப ஊரை இருட்டுல போட்டா நாளைக்கு நான் எங்க நிப்பேன்?" என்றவர், கோப்பு ஒன்றை இழுத்துத் திறந்தார். "அதுவும் போக, இது யார் எழுதினது?"

ஜனவரித் தேதியிட்ட கடிதம். அவள் கையெழுத்து.

அக்டோபரில் ஒரு பி ஃபேஸ் ஃபால்ட் வந்தபோது கரன்ட் இரண்டரை அலை தாமதமாக நின்றிருந்தது. எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அப்போது அவளே பரிந்துரை எழுதினாள். ஜனவரியில் அதே லைனில் இன்னொரு ஃபால்ட். அது எண்பது மில்லி விநாடியில் சுத்தமாக நின்றது. பிரேக்கர் சரியாக வேலை செய்கிறது, எண்ணெய் மாற்றும் பரிந்துரையை இப்போதைக்கு நிறுத்திவைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தவளும் அவள்தான்.

"நீங்கதானேம்மா சரின்னீங்க? ஒரு மாசத்துல என்ன ஆயிடும்? ஞாயித்துக்கிழமை ஃபேக்டரி லீவு. அன்னைக்குத் தரேன், எடுத்துக்குங்க."

ஜனவரி எண்பது, இப்போது நூற்று எழுபது. ஒரு மாதத்தில் எப்படி என்று அவளுக்கும் புரியவில்லை.

அன்று மாலை கறுப்பு உறைகளில் போட்டுவைத்திருந்த பழைய தாள்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். ஜூன்: பி ஃபேஸ் எர்த் ஃபால்ட், ஒரு அலை தாமதம். அக்டோபர்: பி ஃபேஸ் எர்த் ஃபால்ட், இரண்டரை அலை. இப்போது: ஐந்து அலை. நடுவில் ஜனவரி மட்டும் சுத்தம்.

ஜனவரித் தாளைத் தனியாக வைத்துப் பார்த்தாள். அதில் எழும்பியிருந்தவை ஒய், பி இரண்டும். ஒரே உயரம். ஒன்று மேலே போகும்போது மற்றது அதே அளவு கீழே. கண்ணாடியில் பார்த்த மாதிரி. நியூட்ரல் கோடு நேராக, அசைவே இல்லாமல் ஓடியது. பூமியைத் தொடாத ஃபால்ட். காற்றில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடந்தது.

அவள் கை பென்சிலோடு நின்றுவிட்டது.

பூமியைத் தொடாத ஃபால்ட்டில் ஒய் கம்பியில் போகும் கரன்ட் பி கம்பி வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒரே வளையம். ஒய் தூண் அதை அறுத்தாலே போதும். பி-யில் ஓடுவதற்கு எதுவும் இருக்காது. ஜனவரியில் பி தூண் அணைத்தது என்று எதை வைத்து எழுதினாள்? ஒய் தூண் செய்த வேலையை இரண்டுக்கும் சேர்த்து எழுதிவிட்டாள். நியூட்ரல் கோட்டை ஒருமுறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்திருந்தாள். யோசிக்கவில்லை.

பி தூண் இடையில் குணமாகவே இல்லை. ஒன்று, இரண்டரை, ஐந்து. அடுத்தது எத்தனை?

முத்தியால்பேட்டை வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தவளை அவள் கணவன் இராமதாஸ் கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுபவன்.

"என்ன, ஆபீஸ்ல எதுனா?"

சொன்னாள். தாளைப் பற்றிச் சொன்னதைவிட அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் அதிகம் சொன்னாள்.

"இப்ப எழுதிக் குடுத்துட்ட இல்ல? அப்புறம் அவுங்க பாடு."

"அப்பவும் நான்தான் எழுதினேன். அப்ப நம்புனாங்க. அதான் இப்ப நம்பல."

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை நான்கு தாள்களின் கோடுகளையும் டிரேசிங் தாளில் பிரதி எடுத்து, ஜனவரியில் தான் செய்த தவறையும் விளக்கி, ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொண்டுபோனாள். கண்ணையன் மாசிமக ஏற்பாட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவர் நின்றுகொண்டே படித்தார். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தது அவளுக்குத் தெரிந்தது.

"புரியுது," என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமைதான் முடியும். நாலு நாளு. குறிப்பை இங்க வைங்க."

"சார், யார்டுல ஜல்லி போடற வேலை நடக்குது. அந்த பிரேக்கர் பக்கத்துல பொம்பளைங்க வேலை செய்யறாங்க. அதையாவது நிறுத்தி ஒரு ஆர்டர் குடுங்க சார்."

"எழுத்துல குடுத்தா ஏன் நிறுத்தினேன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா ஏன் லைனை எடுக்கலைன்னு கேப்பாங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேனாவை மூடினார். "போங்கம்மா, பார்த்துக்கலாம்."

புதன்கிழமை காலை அவள் சப் ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி எட்டு. பனி இன்னும் விலகவில்லை. யார்டின் மேல் கம்பிகள் தெரியவில்லை, அவற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஈரம் ஏறிய பீங்கான்கள் கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சடசடத்தன. முதல் லைன் பிரேக்கரின் மூன்று தூண்களுக்கு அடியில், வீராயியும் இன்னும் ஐந்து பெண்களும் இரும்புப் பாண்டுச் சட்டிகளில் ஜல்லி சுமந்து வந்து கொட்டிக்கொண்டிருந்தார்கள். வீராயிக்கு நாற்பது வயதிருக்கும். மில் மூடியபின் கட்டட வேலை, ஜல்லி வேலை என்று கிடைத்ததைச் செய்பவள்.

அமிர்தவல்லி நேராகக் காத்தவராயனிடம் போனாள்.

"அண்ணே, அவுங்களை அங்கேர்ந்து கிளப்புங்க."

"பெரியவரு எழுத்துல குடுத்தாரா?"

"குடுக்க மாட்டாரு."

அவர் வாயில் வெற்றிலை இருந்தது. மெல்லுவதை நிறுத்திவிட்டு வெளியே பார்த்தார். "யார்டு பர்மிட்டுல கையெழுத்து ஆபரேட்டருது. அது எங்கிட்டதான் இருக்குது," என்றார். "சும்மா கேட்டுக்கறேன். எவ்ளோ மோசம்?"

"பி ஃபேஸ்ல எர்த் ஃபால்ட் வந்தா மட்டும்தான். ஆர்ல வந்தா ஒண்ணும் ஆவாது, ஒய்ல வந்தாலும் ஆவாது. ரெண்டு கம்பிக்கு நடுவுல வந்தாக்கூட ஒண்ணும் ஆவாது. பி வந்துச்சுன்னா அந்தத் தூணு தாங்குமான்னு எனக்குத் தெரியல."

அவர் பர்மிட் புத்தகத்தை எடுத்து, வேலை செய்யும் இடம் என்ற கட்டத்தில் 'டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் மட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வெளியே போய், முதல் லைன் பகுதியைச் சுற்றிக் கயிறு கட்டினார். பெண்கள் முணுமுணுத்தபடி யார்டின் மறுகோடிக்குப் போனார்கள். கான்ட்ராக்டர் வந்து கத்தினான். காத்தவராயன் அவனைப் பேசவிட்டு, முடிந்ததும் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று எதுவும் நடக்கவில்லை. பத்து மணிக்கு வெயில் வந்தது. சடசடப்பு அடங்கியது. அமிர்தவல்லிக்கு அதில் நிம்மதி வரவில்லை. இன்னும் நாலு விடியல் இருந்தது.

வியாழக்கிழமை பனி முந்தைய நாளைவிடக் கனமாக இருந்தது. அவள் மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது எட்டு இருபது. சப் ஸ்டேஷன் கேட்டுக்கு இன்னும் நூறு அடி இருக்கும்போது யார்டுக்குள்ளிருந்து காத்தவராயனின் குரல் கேட்டது.

"வீராயி! ஏ வீராயி! எங்க போற, வெளிய வா!"

முந்தின நாள் அவசரத்தில் விட்டுவந்த தன் பாண்டை எடுக்க வீராயி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போயிருந்தாள். அது அவளுடைய சொந்தப் பாண்டு. பனியில் அவள் தலைத்துணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. காத்தவராயன் கன்ட்ரோல் ரூம் படிக்கட்டிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓடினார். அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினார். இரண்டு பேரும் கயிற்றைத் தாண்டிப் பத்துப் பதினைந்து அடி வந்திருப்பார்கள்.

எங்கோ தூரத்தில் லைனில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. உடனே பிரேக்கர் அடித்துத் திறக்கும் இரும்புச் சத்தம். அதன்பின் ஓர் உறுமல். அமிர்தவல்லி அதற்கு முன் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. தரை வழியாகக் காலுக்குள் ஏறியது. பனி முழுக்க நீலமாக, பிறகு மஞ்சளாக ஆனது. பி தூண் நடுவில் வெடித்தது. பீங்கான் துண்டுகள் தகரக் கூரையில் மழை மாதிரி விழுந்தன. எரியும் எண்ணெய் ஒரு போர்வை விரிவதுபோல் விரிந்து இறங்கியது.

பிறகு எல்லாச் சத்தமும் ஒரே வெட்டில் நின்றது. கம்பிகளின் இரைச்சல், டிரான்ஸ்ஃபார்மரின் ரீங்காரம், எல்லாம். ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது.

காத்தவராயன் வீராயியின் மேல் குப்புற விழுந்து கிடந்தார். அவர் முதுகு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் ஓடிவந்து ஜல்லிக் குவியல் பக்கத்திலிருந்த மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டார்கள். அமிர்தவல்லியும் கேட்டைத் தாண்டி ஓடிவந்து போட்டாள். வீராயிக்கு நெற்றியில் ஒரு கீறல் மட்டும். அவள் எழுந்து உட்கார்ந்து, "அண்ணே, அண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜீப்பில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பிய பிறகு, கையில் மண்ணோடும் கரியோடும் அவள் கன்ட்ரோல் ரூமுக்குள் போனாள். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடி, எழுதி முடித்திருந்தது. தாள் நீளமாக வெளியே தொங்கியது.

ஒரு மணி நேரத்தில் கண்ணையன் வந்தார். எரிந்த தூணைப் பார்த்துவிட்டு வந்தவர் முகம் வெளுத்திருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன காட்டுது?"

அவள் தாளை விரித்தாள். "இதான் தொடக்கம் சார். பி கரன்ட்டும் நியூட்ரலும் ஒண்ணா எழும்புது. பி ஃபேஸ், எர்த் ஃபால்ட். முப்பதுல ரிலே. எழுபதுல பிரேக்கர் திறந்துடுச்சுன்னு கோடு காட்டுது. ஆர், ஒய் நின்னுடுச்சு. பி நிக்கல."

விரலை வலப்பக்கம் நகர்த்தினாள். அலைகள் போகப்போகப் பிய்ந்து, முனை முறிந்து தெரிந்தன.

"பதினாறாவது அலை. முந்நூத்தி இருபது மில்லி விநாடி. இங்கதான் தூண் வெடிச்சிருக்கணும். இந்த இடத்துல பி, ஒய் ரெண்டு வோல்டேஜும் ஒண்ணா விழுது. வெடிச்ச தீ பக்கத்து ஒய் மேல போயிடுச்சு. இப்ப ஃபால்ட்டு லைன்ல இல்ல, நம்ம யார்டுலயே இருக்குது. அதை ரெண்டாவது லைனோட எதிர்முனையில இருக்கற ரிலே பார்த்து, அதுக்குன்னு வெச்ச நேரம் காத்திருந்து, வெட்டியிருக்குது. முப்பத்தேழாவது அலையில எல்லாமே நேர்கோடு. எழுநூத்தி நாப்பது."

கண்ணையன் தாளின் வலது ஓரத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மெதுவாக, "ஒய்யும் பியும் சேர்ந்த ஃபால்ட்டுன்னுதானே கடைசியில காட்டுது?" என்றார். "ரெண்டு ஃபேஸ், பூமியும் சேர்ந்து. அவ்ளோ பெரிய ஃபால்ட்டு வந்தா எந்த பிரேக்கரும் தாங்காதுன்னு எழுதலாம். தப்பு இல்ல. தாள்ல இருக்கறதுதான்."

"பதினாறாவது அலைக்கு அப்புறம் இருக்கறது சார் அது."

"உங்க ஜனவரி லெட்டரும் ஃபைல்ல இருக்குது. நான் உங்களை மிரட்டல. விசாரணைன்னு வந்தா முதல்ல அதைத்தான் எடுப்பாங்க. நாம ரெண்டு பேரும் தப்பிக்கலாம்."

அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. ஒரு நொடி அவளும் அந்த வாக்கியத்தை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். எழுத வந்தது, சுலபமாகவே வந்தது. ஒய், பி, பூமி. மூன்று சொல்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அவள் எழுதியது வேறு. முதல் முந்நூற்று இருபது மில்லி விநாடியும் பி ஃபேஸ் மட்டும் என்று தொடங்கி, திங்கட்கிழமைத் தாள், அக்டோபர், ஜூன் எல்லாவற்றையும் சேர்த்தாள். ஜனவரிப் பதிவை நான் தவறாகப் படித்தேன், அது பி தூணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்று தனிப் பத்தியாக எழுதினாள். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குக் கொடுத்த குறிப்பின் நகலையும் இணைத்தாள். கண்ணையன் தடுக்கவில்லை. வாங்கிக்கொண்டு போனார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். காத்தவராயனைக் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். முதுகு முழுக்கக் கட்டு. பிழைத்துவிடுவார், ஆனால் மாசக்கணக்காகும் என்று நர்ஸ் சொன்னாள். வீராயி கட்டிலுக்கடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லையாம்.

"யாரு, அம்மாவா?" என்றார் அவர், தலையைத் திருப்ப முடியாமல். "எவ்ளோ நேரம் எரிஞ்சுது அது?"

"முக்கால் விநாடி அண்ணே."

"அவ்ளோதானா." மூச்சு வாங்கியது. "பி-தானே?"

"பி-தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, தூங்கிவிட்டார் என்று அவள் எழுந்தபோது, "ரெண்டாவது லைன் பிரேக்கரு?" என்று கேட்டார். "அதுக்கும் அதே வருசம், அதே டிரம்முலேர்ந்து எண்ணெய் ஊத்தினோம். நான்தான் கூட நின்னேன்."

அமிர்தவல்லி நின்றுவிட்டாள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மின்சாரம் திரும்ப வந்திருந்தாலும், ஊர் இப்போது அந்த இரண்டாவது லைன் ஒன்றில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மேட்டுப்பாளையம் இருண்டு கிடந்தது. அலுவலகத்துக்குப் போய் இரண்டாவது லைனின் உறைகளைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் நாலே தாள். மூன்றில் ஒய் ஃபேஸ் எர்த் ஃபால்ட். ஒன்றில் பி. நாலும் சுத்தம், எண்பது, எண்பத்தைந்து. முன்பாக இருந்தால் அவளுக்கு அது போதுமாக இருந்திருக்கும். இப்போது அவள் பார்த்தது அந்த நாலில் இல்லாததை. ஆர் ஃபேஸில் பூமி ஃபால்ட் ஒன்றுகூட வந்ததில்லை. அந்த ஆர் தூணைப் பற்றிச் சொல்ல எந்தத் தாளும் இல்லை.

அதையும் எழுதி, அன்றிரவே கண்ணையன் வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்தாள். அவர் வாசலிலேயே விளக்கடியில் படித்தார். இந்த முறை காரணம் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை அந்த லைனை நிறுத்த ஒப்புக்கொண்டார்.

மாசிமகத்தன்று ஊரில் பாதி இருட்டாகவே இருந்தது. கடற்கரையில் ஜெனரேட்டர் வைத்துச் சாமிகளை இறக்கினார்கள். அவளும் இராமதாஸும் போகவில்லை. வெள்ளி, சனி இரண்டு விடியலிலும் அவள் ஐந்து மணிக்கே எழுந்து, கதவைத் திறந்து, தெருவிளக்கைச் சுற்றிப் பனி எவ்வளவு என்று பார்த்தாள். யார்டுக்குள் யாரும் போகவில்லை.

விசாரணை பிறகு வந்தது. ஜனவரி அறிக்கைக்காக அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கண்ணையனை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். காத்தவராயன் ஆகஸ்டில் வேலைக்குத் திரும்பினார். இடது தோள் முழுசாக உயராது.

மாசிமகம் முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே, காலை ஏழு மணிக்கு ஊர் முழுவதற்கும் மின்சாரத்தை நிறுத்தினார்கள். இரண்டாவது லைன் பிரேக்கரை இரண்டு பக்கமும் பிரித்து, எர்த் கம்பி மாட்டி, தூண் ஒவ்வொன்றாக அடிக் குழாயைத் திறந்தார்கள். அமிர்தவல்லி கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்தாள். பி தூணிலிருந்து வந்த எண்ணெய் கொஞ்சம் மங்கலாக, ஆனால் மஞ்சளாக இருந்தது. ஒய் தூணும் அப்படியே. ஆர் தூண் குழாயைத் திறந்தபோது முதலில் எதுவும் வரவில்லை. ஃபிட்டர் கம்பியால் குத்தினான். பிறகு கெட்டியாக, கரியாக, அடுப்பு மசி கலந்த மாதிரி இறங்கத் தொடங்கியது. பாட்டில் நிறைந்தபோது அதன் மறுபக்கம் அவள் விரல் தெரியவில்லை.